குழந்தையின் குரலைக் கேட்கும் செயலி: Allow அழுத்துவதற்கு முன் பெற்றோர் செய்யும் தவறுகள்

ஏழு வயதுக் குழந்தைக்கு வாசிப்புப் பயிற்சி தரும் ஒரு செயலியை இறக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திறந்ததும் பெயர் கேட்கும், புரொஃபைல் படம் கேட்கும், பிறகு மைக் அனுமதி கேட்கும். அரை நிமிடத்தில் மூன்றுக்கும் சம்மதம் சொல்லிவிடுகிறோம். ஆனால் வாசிப்பைத் திருத்த அதற்குத் தேவைப்படுவது மைக் மட்டும்தான். பெயர் கேட்ட இடத்தில் 'குட்டி' என்று போட்டாலும் பாடம் ஓடும். படத்துக்கு அதிலேயே இருக்கும் கிளி, யானைப் பொம்மைகள் போதும். முகப்படம் இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் செயலியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

படம் போட்டே ஆக வேண்டுமென்றால் கேலரி முழுவதையும் திறந்துவிடாதீர்கள். தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் காட்டும் வசதி ஐபோனிலும் ஆண்ட்ராய்டு 14 முதலான போன்களிலும் இருக்கிறது. சீருடை, பள்ளி அடையாள அட்டை, வீட்டு வாசல் ஆகியவை தெரியும் படம் வேண்டாம். கேமராவில் லொகேஷன் இயங்கியிருந்தால், எடுத்த இடத்தின் விவரமும் படக் கோப்புக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

குரல் எங்கே போகிறது?

பெரும்பாலானோர் கேட்காத கேள்வி இதுதான். குழந்தை வாசிப்பதை போனுக்குள்ளேயே அலசிவிட்டுப் பதிவை வெளியே அனுப்பாத செயலிகள் உண்டு. பதிவை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பி, அங்கே அலசி, அங்கேயே வைத்துக்கொள்ளும் செயலிகளும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பாடத்தை முதலில் இறக்கிக்கொண்டு, விமானப் பயன்முறையைப் போட்டு, வைஃபையும் அணைந்திருப்பதை உறுதிசெய்து, நீங்களே ஒரு பத்தியை வாசியுங்கள். வேண்டுமென்றே இரண்டு சொற்களைத் தவறாகச் சொல்லுங்கள். தவறு உடனே சிவப்பில் காட்டப்பட்டால் அலசல் போனிலேயே நடக்கிறது. 'இணைய இணைப்பு இல்லை' என்று நின்றால் குரல் சர்வருக்குப் போகிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். இதில் ஓர் ஓட்டை உண்டு: இணையம் இல்லாமல் வேலை செய்யும் செயலியும் பதிவைச் சேமித்துவைத்து, இணைப்பு வந்தபின் அனுப்ப முடியும். அதனால் இந்தச் சோதனையில் தேறியது மட்டும் போதாது. எழுத்தில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

பிளே ஸ்டோரில் செயலியின் பக்கத்தில் Data safety என்ற பகுதியைத் திறந்தால், Audio சேகரிக்கப்படுகிறதா, எந்த நோக்கத்துக்கு என்பது தெரியும். App functionality என்று மட்டும் இருந்தால் பரவாயில்லை. குழந்தையின் குரலுக்கு நேராக Advertising or marketing என்று இருந்தால் வேறு செயலி தேடுங்கள். இந்தப் பகுதியை நிரப்புவது செயலியை உருவாக்கியவர்களே என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே ஒன்றுமில்லை என்று போட்டுவிட்டு, தனியுரிமைக் கொள்கையில் வேறு கதை சொல்வோரும் இருக்கக்கூடும். கொள்கை நீளமாக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். பிரவுசரில் திறந்து voice, retain, third party, improve ஆகிய சொற்களைத் தேடினால் வேண்டிய பத்திகள் கிடைத்துவிடும். 'சேவையை மேம்படுத்த' என்று எழுதியிருந்தால், குழந்தையின் பதிவு மென்பொருளைப் பழக்கவும் பயன்படலாம் என்று பொருள். எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று எண்ணிக்கையில் சொல்லாமல் 'தேவைப்படும் வரை' என்று முடித்தால் அது கெட்ட அறிகுறி.

'சட்டம் இருக்கிறதே'

இருக்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது; சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் கேட்கிறது; குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தைத் தடுக்கிறது; மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் உண்டு. தவிர, உங்கள் சம்மதம் என்பது நீங்கள் அழுத்தும் அந்தப் பொத்தான்தான்.

நீக்கினால் போய்விடும் என்ற நினைப்பு

போனிலிருந்து செயலியை எடுத்துவிட்டால் சர்வரில் உள்ள பதிவு அழியாது. சேரும் முன்பே, கணக்கை அழிக்கும் வழி செட்டிங்ஸில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். விலகும்போது முதலில் கணக்கை அழியுங்கள், பிறகு செயலியை எடுங்கள். வரிசை மாறினால் கணக்கை அழிக்க மறுபடியும் செயலியை இறக்கித் திண்டாட நேரலாம்.

குரலை அழித்தாலும் அதன் எழுத்துவடிவம் தங்கிவிடலாம். அலெக்ஸா விஷயத்தில் இதுதான் நடந்தது என்பது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டு: பெற்றோர் அழிக்கச் சொன்ன பிறகும் குழந்தைகள் பேசியதன் எழுத்துவடிவத்தை அமேசான் வைத்திருந்ததாம். அந்த வழக்கை முடிக்க 2023இல் அமேசான் 2.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. ஆகவே அழிக்கக் கேட்டு அனுப்பும் மின்னஞ்சலில் ஒலிப்பதிவு, அதன் எழுத்துவடிவம், படம், பெயர் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். கணக்கு எந்த மின்னஞ்சலில் தொடங்கப்பட்டதோ அதிலிருந்தே அனுப்புங்கள். இல்லையேல் 'நீங்கள்தான் பெற்றோர் என்று எப்படித் தெரியும்' என்று கேட்டு இன்னொரு அடையாள ஆவணத்தையும் வாங்கிவைத்துக்கொள்ளக்கூடும்.