ஆறு யூனிட் மணலுக்கு எத்தனை டன்? கணக்கு தவறும் இடங்கள்

டெல்டாவில் வீடு கட்டுகிறவருக்குக் கல்லும் எம்-சாண்டும் உள்ளூரில் கிடைக்காது. தோண்டினால் வண்டலும் களியும்தான். அதனால் புதுக்கோட்டை, திருச்சி, பெரம்பலூர்ப் பக்கக் குவாரிகளிலிருந்துதான் டிப்பர் வர வேண்டும். அங்கே எடை மேடையில் ஏற்றி டன் கணக்கில் பில் போடுகிறார்கள். இங்கே கொத்தனாரும் இன்ஜினியரும் கன அடியிலும் யூனிட்டிலும் பேசுகிறார்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். இரண்டுக்கும் நடுவே பாலமாக இருக்கிற எண்தான் பல்க் டென்சிட்டி. அதாவது, மணல் மணலாகக் குவிந்து கிடக்கும்போது, இடையில் உள்ள காற்றுவெளியையும் சேர்த்து ஒரு கன மீட்டருக்கு எவ்வளவு எடை என்பது.

அந்த எண்ணைப் புத்தகத்திலிருந்து எடுத்து அப்படியே பெருக்குவதில்தான் முதல் தவறு. ஒரே மணலுக்கே ஒன்றுக்கு மேற்பட்ட பல்க் டென்சிட்டி உண்டு. காய்ந்ததற்கு ஒன்று, ஈரமானதற்கு இன்னொன்று, குத்தி அமுக்கியதற்கு வேறொன்று. நம் கன அடி எந்த நிலை மணலின் கன அடியோ, அதே நிலையின் டென்சிட்டியால்தான் பெருக்க வேண்டும்.

எம்-சாண்டில் இது பெரிய வித்தியாசமாகத் தெரியும். குவாரியில் தூளைப் போக்கக் கழுவி, ஈரம் வடிவதற்குள்ளேயே ஏற்றிவிடுவது சகஜம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். லேசான ஈரத்தில் ஒவ்வொரு மணியைச் சுற்றியும் நீர்ப்படலம் ஒட்டிக்கொண்டு மணிகளை விலக்கிவைக்கிறது. அதனால் மணல் உப்பிக்கொள்ளும். ஐந்தாறு சதவீத ஈரத்திலேயே கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடலாம். பொடி மணல் இன்னும் அதிகமாக உப்பும். மணல் முழுகும்வரை தண்ணீர் ஊற்றினால் படலம் உடைந்து, கிட்டத்தட்டக் காய்ந்த மணலின் கொள்ளளவுக்கே திரும்பிவிடும். இந்தக் கடைசிக் குணம் நமக்கு உதவப்போகிறது.

திருவாரூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு எஸ்டிமேட்டில் 600 கன அடி எம்-சாண்ட் என்று வைத்துக்கொள்வோம். கன மீட்டரில் 17. வந்த முதல் லோடிலிருந்தே சோதித்துவிடலாம். பெயின்ட் வாளி ஒன்றில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி எடை பாருங்கள். வாளியின் எடை போக 20.5 கிலோ என்றால் வாளி 20.5 லிட்டர். பிறகு துடைத்துவிட்டு, லோடின் உள்பக்கத்திலிருந்து எடுத்த மணலைக் குத்தாமல், தட்டாமல் மெதுவாகக் கொட்டி, மேலே பலகையால் வழித்துவிட்டு எடை போடுங்கள். மணல் மட்டும் 29.9 கிலோ. ஈரமாக, உப்பிய நிலையில் கன மீட்டருக்கு 1.46 டன்.

அதே மணலில் சரியாக ஒரு கிலோ எடுத்து வாணலியில் வறுங்கள். ஒட்டாமல் உதிரும்வரை வறுத்தபின் 943 கிராம் நின்றால், 57 கிராம் தண்ணீர். காய்ந்த எடையோடு ஒப்பிட்டால் 6 சதவீத ஈரம். அடுத்து, நேராக நிற்கும் கண்ணாடிப் பாட்டிலில் 20 செ.மீ. உயரத்துக்கு ஈர மணலைக் கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றி, குமிழி போகும்வரை கம்பியால் கிளறி, அடங்கவிடுங்கள். மட்டம் 16.7-க்கு இறங்குகிறது. 20 ஐ 16.7 ஆல் வகுத்தால் 1.2. அப்படியானால் வாளியில் இருந்த 20.5 லிட்டரும் உண்மையில் 17.1 லிட்டர்தான். அதில் காய்ந்த மணல் 28.2 கிலோ. காய்ந்த பல்க் டென்சிட்டி 1.65.

இப்போது கணக்கு. எஸ்டிமேட்டில் இருக்கிற 600 கன அடி, கலவை விகிதப்படி போட்டதென்றால் அது காய்ந்த மணலின் கொள்ளளவு. 17 ஐ 1.65 ஆல் பெருக்கினால் 28 டன் காய்ந்த மணல். எடை மேடையில் ஏறுவது ஈர மணல் என்பதால் 6 சதவீதம் கூட்டி 29.7 டன் வாங்க வேண்டும். ஈர டென்சிட்டியான 1.46 ஆல் பெருக்கியவர் 24.8 டன்தான் ஆர்டர் செய்வார். கடைசியில் கிட்டத்தட்ட ஒரு யூனிட் குறையும். “யூனிட்டுக்கு நாலரை டன் சார்” என்ற வாய்க்கணக்கில் போனால் 27 டன். அதிலும் அரை யூனிட்டுக்கு மேல் பற்றாது. பூச்சு வேலை பாதியில் நிற்கும்போதுதான் தெரியவரும், உடனே பழி கொத்தனார் தலையில் விழும்.

மாறாக, கொத்தனார் தன் அனுபவத்தில் “போன வீட்டுக்கு ஆறு யூனிட் ஆச்சு” என்று டிப்பர் பாடியை அளந்து சொன்ன ஆறு யூனிட் என்றால், அது உப்பிய மணல். அதற்கு 24.8 டன்தான் சரி. ஆகவே டன்னாக மாற்றும் முன் கேட்க வேண்டிய கேள்வி, இந்த யூனிட் யாருடைய யூனிட் என்பதுதான். என்னைக் கேட்டால், இதைக் கேட்காமல் தசமப் புள்ளிக்கு மூன்று இலக்கம்வரை கணக்குப் போடுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இன்னொரு தவறு அபூர்வம், ஆனால் வந்தால் பெருஞ்செலவு. லேப் ரிப்போர்ட்டில் ஸ்பெசிஃபிக் கிராவிட்டி 2.65 என்று இருக்கும். அது கல்லின் அடர்த்தி, குவியலின் அடர்த்தி அல்ல. அதைப் பெருக்கினால் 45 டன் வரும். விடை இரண்டுக்கு மேலான எண்ணால் பெருக்கி வந்ததா என்று ஒரு பார்வை பார்த்தாலே பிடித்துவிடலாம்.

ஜல்லியில் உப்பல் கிடையாது. மணியைச் சுற்றிய படலம் அவ்வளவு பெரிய கல்லை விலக்காது. அங்கே குழப்பம் தளர்வாகக் கொட்டியதற்கும் குத்தி அமுக்கியதற்கும் நடுவே. லேப்பில் மூன்று அடுக்காகப் போட்டு, அடுக்குக்கு 25 குத்து வீதம் கம்பியால் குத்தி எடுக்கும் எண், தளர்வானதைவிடச் சுமார் பத்து சதவீதம் கூடுதலாக இருக்கலாம். முக்கால் ஜல்லி தளர்வில் 1.45 என்றால் குத்தியபின் 1.6 பக்கம் வரும். ரிப்போர்ட்டில் எது என்று பார்த்துவிட்டே எடுங்கள். புதுக்கோட்டையிலிருந்து குலுங்கிக்கொண்டு வந்த டிப்பரில் ஜல்லி மட்டம் இறங்கியிருப்பதும் இதனால்தான். “ஏத்தும்போது நிறைஞ்சு இருந்துது” என்று டிரைவர் சொல்வது பெரும்பாலும் பொய்யாக இருக்காது. டன்னுக்கு வாங்கியிருந்தால் அதைப் பற்றிச் சண்டையே வேண்டாம், எடை குறையவில்லை.

எம்-சாண்டில் அந்தச் சமாதானம் செல்லாது. வழியெல்லாம் தண்ணீர் சொட்டும். குவாரிச் சீட்டும் உள்ளூர் எடை மேடைச் சீட்டும் சில நூறு கிலோ வித்தியாசப்படலாம், அது மணல் திருட்டென்று உடனே முடிவுகட்ட முடியாது. ஆனால் நாம் கொடுக்கும் காசில் தண்ணீருக்கும் பங்கு உண்டு. மேலே சொன்ன 29.7 டன்னில் சுமார் 1,680 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. இரண்டு குவாரிகளின் விலையை ஒப்பிடும்போது டன் விலையை மட்டும் பார்க்காமல், இரண்டு சாம்பிளையும் வாணலியில் வறுத்து, காய்ந்த டன்னுக்கு எவ்வளவு என்று பாருங்கள். ஒருவர் டன் 1,000 ரூபாய், ஈரம் 3 சதவீதம் என்கிறார். இன்னொருவர் 970 ரூபாய், ஈரம் 8 சதவீதம். காய்ந்த டன்னுக்கு முதலாமவர் 1,030, இரண்டாமவர் 1,048. மலிவு என்று நினைத்த லோடுதான் விலை கூடியது.