எஃபெக்டிவ் டியூரேஷன்: வளைகோட்டை நகர்த்துகையில் நேரும் பிழைகள்

புதிதாகச் சேர்ந்த இருவரின் கணக்குத் தாள்களைச் சரிபார்த்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழைகளைக் கண்டேன். 1 விழுக்காட்டை 0.01 என்று எழுதாமல் 1 என்று எழுதுவது போன்றவை விடையைப் பார்த்த உடனே தெரிந்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். வட்டி 1 விழுக்காடு நகர்ந்தால் பத்திரத்தின் விலை ஏறத்தாழ எத்தனை விழுக்காடு மாறும் என்பதே எஃபெக்டிவ் டியூரேஷன். கீழே P0 இன்றைய விலை, P_down, P_up ஆகியவை வட்டியை இறக்கியும் ஏற்றியும் கிடைக்கும் விலைகள், dy வட்டியின் நகர்வு.

```
D = (P_down - P_up) / (2 * P0 * dy)
```

வட்டியை நகர்த்தி, பணவரவை நகர்த்தாமல் விடுவது

பத்திரத்தை முன்கூட்டியே திரும்ப அழைக்கும் உரிமை வெளியிட்டவருக்கு இருந்தால், வட்டி மாறும்போது பணவரவும் மாறும். முதிர்வு வரையிலான கூப்பன் அட்டவணையை அப்படியே வைத்துக்கொண்டு தள்ளுபடி விகிதத்தை மட்டும் மாற்றினால், சூத்திரம் சரியாக இருந்தும் விடை தவறாகும்.

7 விழுக்காடு ஆண்டுக் கூப்பன் தரும் 2 ஆண்டுப் பத்திரம் ஒன்றை, ஓராண்டு முடிவில் 100 ரூபாய்க்குத் திரும்ப அழைக்கலாம் என்று கொள்வோம். இன்றைய ஓராண்டு வட்டி 7. அடுத்த ஆண்டு அது சம வாய்ப்புடன் 9 அல்லது 5. வட்டி 9 ஆனால் ஓராண்டு முடிவில் பத்திரத்தின் மதிப்பு 98.17, 5 ஆனால் 101.90 ஆக வேண்டியது, திரும்ப அழைக்கப்படுவதால் 100-இலேயே நிற்கும். இதன்படி இன்றைய விலை 99.14. எல்லா வட்டிகளையும் 1 விழுக்காடு இறக்கினால் விலை 100.51, ஏற்றினால் 97.81, டியூரேஷன் ஏறத்தாழ 1.36. அழைப்புரிமையை மறந்துவிட்டால் மூன்று விலைகளும் 100.03, 101.87, 98.25 என்றாகி, விடை 1.81 ஆகிவிடும்.

நான் இப்படித்தான் மிகுந்து வந்த எண்ணை நம்பி, அதற்கேற்ப வட்டி ஃபியூச்சர்ஸை விற்றுக் காப்பு எடுத்தேன். பிறகு வட்டி இறங்கியபோது பத்திரம் தந்த ஆதாயத்தைக் காப்பின் நட்டம் விழுங்கியது. சூத்திரத்தை நான்கு முறை சரிபார்த்தும், பணவரவைப் பார்க்கத் தோன்றவில்லை என்பதுதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது.

அழைப்புரிமையை நீக்கி ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். அழைப்பு விலைக்கு அருகே விற்கும் பத்திரத்துக்கு இரண்டு விடைகளும் ஒன்றாகவே வந்தால், உரிமை கணக்கில் சேரவே இல்லை.

OAS

OAS என்பது, கணக்கிட்ட விலை சந்தை விலையோடு பொருந்துமாறு எல்லா வட்டிகளோடும் கூட்டும் உபரி விழுக்காடு. அடிப்படை விலைக்கு ஒருமுறை கண்டறிந்த OAS-ஐ மற்ற இரண்டு விலைகளுக்கும் மாற்றாமல் பயன்படுத்த வேண்டும்.

மான்டே கார்லோ

வட்டியின் பாதைகளைச் சீரற்ற எண்களால் உருவாக்கி விலையைக் கணக்கிடும்போது, மூன்று விலைகளுக்கும் ஒரே சீரற்ற எண் வரிசையைப் பயன்படுத்த வேண்டும்.

மிகச் சிறிய நகர்வு

மேற்சொன்ன பத்திரத்தை 1 அடிப்படைப் புள்ளி, அதாவது 0.01 விழுக்காடு மட்டும் நகர்த்தினால் விலைகள் 99.1561, 99.1291. இவற்றைப் பைசாவுக்கு முழுமையாக்கிய 99.16, 99.13 ஆகியவற்றைச் சூத்திரத்தில் இட்டால் 1.36 என்பது 1.51 ஆகிவிடும். நகர்வைப் பெரிதாக்கினால் இப்பிழை சுருங்கும். ஆனால் அளவு மீறினால், அழைப்பு முடிவே மாறும் எல்லையைத் தாண்டி, வேறொரு பத்திரத்தை அளந்தது போலாகும். நான் பெரும்பாலும் 25 புள்ளிகளை எடுத்துக்கொண்டு, விலைகளை முழுமையாக்காமலே வைத்துக்கொள்கிறேன்.