84 நாள் பிரசவ லீவு: தொடங்கும் திகதியும் திரும்பும் திகதியும் கணக்கிட்டு விண்ணப்பம் எழுதும் முறை

வன்னிப் பாடசாலைகளில் புதிதாக நியமனம் கிடைத்து வந்திருக்கும் ஆசிரியைகள் பலருக்கு இதுதான் முதல் பெரிய லீவு விண்ணப்பம். கடிதம் எழுதுவது கஷ்டமில்லை. எந்தத் திகதியில் திரும்புவது என்ற இடத்தில்தான் பிழை வருகிறது. அதனால் திகதிக் கணக்கை முதலில் முடித்துவிட்டு, கடிதத்தை அப்புறம் எழுதுவோம்.

84 நாள் என்றால் எத்தனை கிழமை?

84ஐ ஏழால் பிரித்தால் 12 கிழமை வரும். அப்படி எண்ணிவிட்டால் உங்களுக்கு உரிய லீவில் ஒரு மாதத்துக்கு மேல் கையை விட்டுப் போய்விடும். பொது நிர்வாகச் சுற்றறிக்கை 04/2005இன்படி முழுச் சம்பளத்துடன் கிடைக்கும் 84 நாளில் சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்கள் சேராது. வேலை நாட்களை மட்டும்தான் எண்ண வேண்டும். ஒரு கிழமைக்கு வேலை நாள் ஐந்து. ஆகவே 84 நாள் என்பது 16 கிழமையும் 4 நாளும். அதற்குள் வரும் பொது விடுமுறைகளை அதன்மேல் கூட்ட வேண்டும்.

இந்த லீவு ஒவ்வொரு பிரசவத்துக்கும் உண்டு. மூன்றாவது பிள்ளைக்கு குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒட்டுசுட்டான் பக்கம் படிப்பிக்கிற ஒரு ரீச்சர் என்று வைத்துக்கொள்வோம். கிளினிக் கொப்பியில் அவவுக்குக் குறித்துக் கொடுத்த பிரசவத் திகதி 2025 ஜூன் 16. பஸ்ஸில் குலுங்கிப் போய்வருவது கடைசி நாட்களில் சரிவராது என்பதால் இரண்டு கிழமை முன்னதாக, ஜூன் 2 திங்கட்கிழமை, லீவைத் தொடங்குகிறா.

ஒரு கலண்டரையும் பென்சிலையும் எடுங்கள். ஜூன் 2இல் தொடங்கும் கிழமையை 1 என்று குறித்து, ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக்கும் பக்கத்தில் கிழமை எண்ணை எழுதிக்கொண்டே போங்கள். 16ஆவது வெள்ளி செப்டம்பர் 19இல் வரும். அதுவரை 80 நாள். அடுத்த கிழமையில் நான்கு நாள் எண்ணினால் செப்டம்பர் 25 வியாழன்.

இனிப் பொது விடுமுறைகள். இந்த இடைவெளியில் ஜூன் 10 பொசன், ஜூலை 10 எசல, ஆகஸ்ட் 8 நிக்கினி ஆகிய மூன்று போயா நாட்களும், செப்டம்பர் 5 மீலாதுன் நபியும் வேலை நாட்களில் வருகின்றன. நான்கு நாள் கூட்ட வேண்டும். செப்டம்பர் 26, 29, 30, அக்டோபர் 1. ஆக, லீவின் கடைசி நாள் அக்டோபர் 1 புதன். கடமைக்குத் திரும்பும் திகதி அக்டோபர் 2 வியாழன்.

12 கிழமை என்று எண்ணியிருந்தால் ஆகஸ்ட் 25இலேயே பாடசாலையில் நின்றிருப்பா. பிள்ளைக்கு அப்போது மூன்று மாதம்கூட ஆகியிருக்காது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அதே செப்டம்பரில் 7ஆம் திகதி பினர போயாவும் இருக்கிறது. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு ஏற்கெனவே கணக்கில் இல்லாததால் அதற்காக இன்னொரு நாள் கூட்டக் கூடாது. லிகிதர்கள் அதிகம் திருத்துவது இந்த இடத்தைத்தான். கலண்டரில் பொது விடுமுறைக்கு ஒரு குறியும் வர்த்தக விடுமுறைக்கு இன்னொரு குறியும் இருக்கும். நமக்கு வேண்டியது பொது விடுமுறைக் குறி. வற்றாப்பளைப் பொங்கல் போன்ற நாட்களுக்கு உள்ளூரில் பாடசாலைக்கு விடுமுறை விட்டாலும் அது பொது விடுமுறை ஆகாது, கூட்ட முடியாது.

தவணை விடுமுறையும் இடையில் வரும். மேலே நான் சுற்றறிக்கை பெயர் சொல்லி விலக்கும் நாட்களை மட்டும்தான் கழித்திருக்கிறேன். தவணை விடுமுறையின் திகதிகளைத் தனி வரியில் எழுதி, வலயக் கல்விப் பணிமனையின் தாபனக் கிளையில் காட்டி, திரும்பும் திகதியை உறுதிப்படுத்திய பிறகு படிவத்தில் மையால் எழுதுங்கள்.

படிவமும் கடிதமும்

லீவுப் படிவம் பொது 125ஏ. அதில் லீவு தொடங்கும் திகதிக்கும் கடமைக்குத் திரும்பும் திகதிக்கும் தனித்தனி இடம் உண்டு. திரும்பும் திகதி என்ற இடத்தில் லீவின் கடைசி நாளை எழுதிவிடுகிறவர்கள் நிறையப் பேர். நம் கணக்கில் அங்கே வரவேண்டியது அக்டோபர் 2, அக்டோபர் 1 அல்ல. லீவில் இருக்கும்போது உள்ள முகவரி என்ற இடத்தில், பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தால் அந்த முகவரியையே எழுதுங்கள். கடிதங்கள் அங்கேதான் வரவேண்டும்.

படிவத்துடன் வைக்கும் கடிதம் இவ்வளவு போதும்:

> வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கட்கு,
> அதிபர் ஊடாக.
>
> பிரசவ லீவுக்கு விண்ணப்பித்தல்
>
> மேற்படி பாடசாலையில் ஆசிரியையாகக் கடமையாற்றும் எனக்கு 2025.06.16 அன்று பிரசவம் எதிர்பார்க்கப்படுகிறது. பொது நிர்வாகச் சுற்றறிக்கை 04/2005இன்படி 2025.06.02 தொடக்கம் 2025.10.01 வரை முழுச் சம்பளத்துடனான 84 நாள் பிரசவ லீவை அனுமதிக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். இக்காலத்தில் வரும் பொது விடுமுறைகள்: 06.10, 07.10, 08.08, 09.05. நான் 2025.10.02 அன்று கடமைக்குத் திரும்புவேன். வைத்தியச் சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளது.

பொது விடுமுறைகளைக் கடிதத்திலேயே எழுதுவது என் வழக்கம். சரிபார்க்கிறவர் கலண்டரைப் புரட்டத் தேவையில்லை; பிழை இருந்தாலும் உடனே தெரிந்துவிடும். எல்லாவற்றிலும் ஒரு போட்டோக் கொப்பி எடுத்து, அதிபரிடம் கொடுத்த திகதியை அதில் போட்டு வீட்டில் வையுங்கள். துணுக்காயிலோ முல்லைத்தீவிலோ உள்ள வலயப் பணிமனைக்குக் கைப்பிள்ளையோடு இரண்டாம் முறை அலைய விடாமல் காப்பாற்றுவது அந்தக் கொப்பிதான்.

பிள்ளை முந்திப் பிறந்தால்

பிறந்த நாளிலிருந்தே லீவு தொடங்குகிறது என்று எடுத்துக் கணக்கை மாற்ற வேண்டும். நம் ரீச்சருக்கு மே 29 வியாழக்கிழமை பிள்ளை பிறந்துவிட்டது என்றால், 29, 30 என்று இரண்டு வேலை நாட்கள் முன்னால் சேர்ந்துவிடும். அதே இரண்டு நாள் பின்னால் குறையும். கடைசி நாள் செப்டம்பர் 29 திங்கள், திரும்பும் நாள் செப்டம்பர் 30 செவ்வாய். வீட்டில் யாராவது அன்றைக்கே அதிபருக்குப் போன் பண்ணிச் சொல்லட்டும். புதிய திகதிகளோடு திருத்தக் கடிதம் ஒன்று பின்னால் போனால் சரி. பிறப்புச் சான்றிதழ் கிடைத்ததும் அதன் பிரதியையும் அனுப்புங்கள்.

84 நாள் போதாது என்றால் அரைச் சம்பளத்தில் இன்னும் 84 நாள், அதற்கும் பிறகு சம்பளமில்லாமல் 84 நாள் கேட்கலாம். இவற்றில் சனி, ஞாயிறு, பொது விடுமுறை எல்லாம் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். ஆகவே இங்கே 84 நாள் என்றால் உண்மையாகவே 12 கிழமைதான். முழுச் சம்பள லீவு முடிவதற்கு முன்பே தனி விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.

திரும்பும் நாளில் வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைத்தவுடன், கடமைக்குத் திரும்பிய திகதியைக் குறித்து ஒரு சிறு கடிதம் எழுதி அதிபரிடம் கொடுங்கள். அது வலயத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அந்தக் கிழமைக்குள் லிகிதரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.