கிரேடு கணக்கிடும் பாய்வுப்படமும் போலிக்குறிமுறையும்: சாய்சதுரங்களை எந்த வரிசையில் அடுக்குவது?

கொழிஞ்சாம்பாறையில் நான் நடத்தும் மாலை வகுப்பில் ஒரே பெஞ்சில் இரண்டு மாநிலப் பாடத்திட்டங்கள் உட்கார்ந்திருக்கும். வேலந்தாவளத்துப் பிள்ளைகள் கேரளப் பாடத்தைத் தமிழ் வழியில் படித்தவர்கள். கோபாலபுரம் பக்கமிருந்து வருபவர்கள் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள். "மதிப்பெண்ணைக் கொடுத்தால் கிரேடு சொல்லும் பாய்வுப்படம் வரையுங்கள்" என்று முதல் பயிற்சி கொடுத்தபோது ஒரு மாணவி எழுந்து, "சார், 35-க்குக் கீழே போனால் தோல்விதானே, அதற்கு என்ன கிரேடு போடுவது?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவன், "எங்களுக்கு 30 எடுத்தாலே டி பிளஸ், மேலே படிக்கலாம்" என்றான். இரண்டு பேரும் சொன்னது சரிதான். எந்த விதியின்படி கணக்கிடுகிறோம் என்பதைக் காகிதத்தின் மேல் எழுதாமல் முதல் கோட்டை இழுக்கக் கூடாது.

இங்கே கேரள எஸ்எஸ்எல்சி விதியை எடுத்துக்கொள்கிறேன். நூற்றுக்கு 90 முதல் ஏ பிளஸ், 80 முதல் 89 வரை ஏ, 70 முதல் பி பிளஸ், 60 முதல் பி, 50 முதல் சி பிளஸ், 40 முதல் சி, 30 முதல் டி பிளஸ், 20 முதல் டி, 20-க்குக் கீழே ஈ. மொத்தம் ஒன்பது கிரேடுகள்.

முதல் படி: எது உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது

பெரும்பாலான பிள்ளைகள் உள்ளீட்டில் 'மதிப்பெண்' என்று ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். பிழை அங்கேயே நுழைந்துவிடுகிறது. ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் எழுத்துத் தேர்வு 80, தொடர் மதிப்பீடு 20, ஆக 100. இயற்பியலுக்கு எழுத்துத் தேர்வு 40, தொடர் மதிப்பீடு 10, ஆக 50. இயற்பியலில் ஒருவன் எழுத்தில் 31, தொடர் மதிப்பீட்டில் 9 எடுத்தால் மொத்தம் 40. அந்த 40-ஐ அப்படியே விதியோடு ஒப்பிட்டால் சி என்று வரும். உண்மையில் அவன் எடுத்தது 50-க்கு 40, அதாவது 80 சதவீதம். அவனுக்கு உரியது ஏ. ஆகவே உள்ளே மூன்று எண்கள் வர வேண்டும்: எழுத்துத் தேர்வு, தொடர் மதிப்பீடு, முழு மதிப்பெண். வெளியே போவது ஒன்றுதான், கிரேடு.

இரண்டாம் படி: வடிவங்கள்

பாய்வுப்படத்துக்கு நான்கு வடிவங்கள் போதும். தொடக்கமும் முடிவும் நீள்வட்டத்தில். உள்ளீடும் வெளியீடும் இணைகரத்தில். கணக்கு செவ்வகத்தில். கேள்வி சாய்சதுரத்தில். அம்புகள் மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் போக வேண்டும். எதிர்த்திசையில் போனால் அம்பு முனையைக் கட்டாயம் போட வேண்டும். சாய்சதுரத்துக்குள் ஒரு கோடு நுழைந்து இரண்டு கோடுகள் வெளியேறும். அந்த இரண்டிலும் 'ஆம்', 'இல்லை' என்று எழுதாவிட்டால் படம் எதையும் சொல்லாது. நான் அதற்கு மதிப்பெண் கொடுப்பதே இல்லை.

மூன்றாம் படி: படம்

பென்சிலால், காகிதத்தின் இடது ஓரத்தில் சாய்சதுரங்களை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்குங்கள். 'ஆம்' கோடு வலப்பக்கம் போகட்டும், 'இல்லை' கோடு கீழே இறங்கட்டும். கீழே காட்டியதில் அடைப்புக்குறி நீள்வட்டம், சாய்கோடு இணைகரம், சதுர அடைப்பு செவ்வகம், கூர் அடைப்பு சாய்சதுரம்.

```
( தொடங்கு )
     |
/ எழுத்து, தொடர், முழு /
     |
[ மொத்தம் = எழுத்து + தொடர் ]
     |
[ சதம் = மொத்தம் * 100 / முழு ]
     |
< சதம் >= 90 ? > --ஆம்--> [ கிரேடு = "A+" ] --+
     | இல்லை                                  |
< சதம் >= 80 ? > --ஆம்--> [ கிரேடு = "A" ] ---+
     | இல்லை                                  |
     :  (70, 60, 50, 40, 30)                  |
     |                                        |
< சதம் >= 20 ? > --ஆம்--> [ கிரேடு = "D" ] ---+
     | இல்லை                                  |
[ கிரேடு = "E" ]                              |
     | <--------------------------------------+
/ கிரேடு /
     |
( முடி )
```

ஒன்பது கிரேடுகளுக்கு எட்டு சாய்சதுரங்கள்தான். ஈ கிரேடுக்குத் தனிக் கேள்வி தேவையில்லை, ஏனென்றால் எட்டுக் கேள்விகளுக்கும் 'இல்லை' என்று பதில் வந்த பிறகு மிஞ்சுவது அது ஒன்றுதான். ஒன்பதாவதாக 'சதம் < 20 ?' என்று ஒரு சாய்சதுரம் போட்டால் அதன் 'இல்லை' கோடு போய்ச் சேர இடமே இருக்காது.

இரண்டாவது சாய்சதுரத்தை உற்றுப் பாருங்கள். அங்கே '80 அல்லது அதற்கு மேல்' என்று மட்டும்தான் கேட்கிறோம், '90-க்குள்' என்று கேட்கவில்லை. மேலே உள்ள சாய்சதுரத்தின் 'இல்லை' வழியாகத்தான் இங்கே வந்து சேர முடியும். அப்படி வந்த எண் 90-ஐவிடக் குறைவு என்பது ஏற்கனவே உறுதியாகிவிட்டது. இந்த ஒன்று புரிந்த பிள்ளைக்கு மீதிப் படம் தானாகவே வந்துவிடும்.

புரியாதவர்கள் '80-இலிருந்து 89 வரையா?' என்று கேட்டு வரைகிறார்கள். முழு எண்ணாகவே மதிப்பெண் வந்து, மொத்தம் 100 ஆகவோ 50 ஆகவோ இருக்கும்வரை அதுவும் சரியான விடை கொடுக்கும். ஒருமுறை 75 மதிப்பெண்ணுக்கு மாதிரித் தேர்வு வைத்தேன். ஒரு பையன் 67 எடுத்தான். 67-ஐ 100-ஆல் பெருக்கி 75-ஆல் வகுத்தால் 89.33. அது 89-க்கு மேலே, 90-க்குக் கீழே. 'வரை' என்று வரைந்த படத்தில் அந்த எண் ஏ பிளஸிலும் நிற்காமல், ஏ-யிலும் நிற்காமல், எல்லாக் கேள்விகளிலும் 'இல்லை' வாங்கிக் கீழே விழுந்து ஈ ஆகிவிட்டது. நன்றாக எழுதிய பையன் ஈ கிரேடைப் பார்த்து முகம் வாடியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. மேலே வரைந்திருக்கும் படத்தில் அதே 89.33 இரண்டாவது சாய்சதுரத்தில் 'ஆம்' பெற்று ஏ என்று வெளியே வரும்.

நான்காம் படி: போலிக்குறிமுறை

படம் சரியாக வந்துவிட்டால் போலிக்குறிமுறை என்பது அதை மேலிருந்து கீழாக வாசித்து எழுதுவதுதான். தமிழிலேயே எழுதுங்கள். எந்தக் கணினி மொழிக்கும் அது கட்டுப்பட்டதல்ல. படிப்பவருக்கு இரண்டு பொருள் தராமல் இருக்க வேண்டும், அவ்வளவே.

```
தொடங்கு
  உள்ளிடு எழுத்து, தொடர், முழு
  மொத்தம் = எழுத்து + தொடர்
  சதம் = மொத்தம் * 100 / முழு
  சதம் >= 90 எனில் கிரேடு = "A+"
  இல்லையேல் சதம் >= 80 எனில் கிரேடு = "A"
  இல்லையேல் சதம் >= 70 எனில் கிரேடு = "B+"
  இல்லையேல் சதம் >= 60 எனில் கிரேடு = "B"
  இல்லையேல் சதம் >= 50 எனில் கிரேடு = "C+"
  இல்லையேல் சதம் >= 40 எனில் கிரேடு = "C"
  இல்லையேல் சதம் >= 30 எனில் கிரேடு = "D+"
  இல்லையேல் சதம் >= 20 எனில் கிரேடு = "D"
  இல்லையேல் கிரேடு = "E"
  வெளியிடு கிரேடு
முடி
```

தேர்வில் ஆங்கிலச் சொற்கள்தான் வேண்டும் என்றால் 'உள்ளிடு' என்பதை `INPUT` என்றும், 'எனில்' வரும் வரியை `IF ... THEN` என்றும், 'இல்லையேல்' என்பதை `ELSE` என்றும், 'வெளியிடு' என்பதை `PRINT` என்றும் மாற்றினால் போதும்.

முதலில் 100-ஆல் பெருக்கிவிட்டுப் பிறகு வகுத்திருப்பதைக் கவனியுங்கள். பின்னால் இதையே சி மொழியில் எழுதும்போது, இரண்டு முழு எண்களை வகுத்தால் தசமப் பகுதி வெட்டுப்பட்டுவிடும். 40-ஐ 50-ஆல் முதலில் வகுத்தால் 0 ஆகிவிடும்; அதன்பின் எதனால் பெருக்கினாலும் 0 தான், முழு மதிப்பெண் எடுத்தவரைத் தவிர எல்லோருக்கும் ஈ தான்.

ஐந்தாம் படி: காகிதத்திலேயே ஓட்டிப் பார்ப்பது

ஆங்கிலத்தில் எழுத்து 61, தொடர் மதிப்பீடு 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 79, முழு 100, சதம் 79. 90-க்கு மேலா? இல்லை. 80-க்கு மேலா? இல்லை. 70-க்கு மேலா? ஆம். பி பிளஸ். விரலைப் படத்தின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே இதைச் செய்யுங்கள். மனத்தில் ஓட்டினால் படத்தில் இல்லாத கோட்டையும் மனம் தானே போட்டுக்கொள்ளும். அடுத்து எல்லை எண்களை ஓட்டுங்கள்: 100, 90, 89, 20, 19, 0. சரியாக 90 வந்தால் ஏ என்று விழுகிறதா? அப்படியானால் `>=` என்ற இடத்தில் `>` எழுதியிருக்கிறீர்கள்.

20-க்குக் குறையாத எந்த எண்ணைக் கொடுத்தாலும் டி என்றே வருகிறது என்று ஒவ்வோர் ஆண்டும் சிலர் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, சாய்சதுரங்களைத் தலைகீழாக அடுக்கியிருப்பார்கள்; 'சதம் >= 20 ?' முதலில் நின்றால் 92 எடுத்தவரும் அங்கேயே 'ஆம்' என்று வெளியேறிவிடுவார். மற்றொன்று, வரிசை சரியாக இருந்தும், கடைசி வரியைத் தவிர மற்ற வரிகளில் 'இல்லையேல்' என்ற சொல்லை விட்டிருப்பார்கள். அப்போது 92-க்கு முதல் வரியில் ஏ பிளஸ் விழும், அடுத்த வரி அதை ஏ என்று மாற்றும், அடுத்தது பி பிளஸ் என்று மாற்றும், இப்படியே டி வரை போய் நிற்கும். எது காரணம் என்று அறிய 5 என்ற எண்ணால் பயனில்லை. 92-ஐ ஓட்டி, 'கிரேடு' என்ற மாறியின் மதிப்பு எத்தனை முறை மாறுகிறது என்று ஓரத்தில் எழுதுங்கள். ஒரே முறை எழுதப்பட்டால் வரிசைப் பிழை. எட்டு முறை மாறினால் 'இல்லையேல்' காணாமல் போயிருக்கிறது.

தவறான உள்ளீட்டைத் தடுப்பது கடைசி வேலை. உள்ளீட்டுக்கும் முதல் செவ்வகத்துக்கும் நடுவில் இன்னொரு சாய்சதுரம் போடுங்கள். மொத்தத்தை மட்டும் சோதித்தால் போதாது: எழுத்தில் 85, தொடர் மதிப்பீட்டில் 10 என்று யாராவது தட்டினால் மொத்தம் 95, பார்வைக்குச் சரியாகத் தெரியும், ஆனால் எழுத்துத் தேர்வே 80-க்குத்தான். 100-க்கு 80, 50-க்கு 40 என்று எழுத்துத் தேர்வு இரண்டிலும் ஐந்தில் நான்கு பங்கு. ஆகவே `எழுத்து <= முழு * 4 / 5` என்றும் `தொடர் <= முழு / 5` என்றும் தனித்தனியே கேளுங்கள். இரண்டு எண்களும் 0-க்குக் குறையக் கூடாது என்பதையும் சேருங்கள். 'இல்லை' கோடு மேலே ஏறி உள்ளீட்டு இணைகரத்துக்கே திரும்ப வேண்டும். படத்தில் மேல்நோக்கிப் போகும் ஒரே அம்பு இதுதான்.

எழுந்து நின்று கேட்ட அந்த மாணவிக்கு அன்று இன்னொரு காகிதம் கொடுத்தேன். 'தேர்ச்சியா, இல்லையா' என்பது மட்டும் அவளுக்குப் போதும் என்றதால், எட்டு சாய்சதுரங்கள் இருந்த இடத்தில் `மதிப்பெண் >= 35 ?` என்று ஒன்றை மட்டும் வரைந்து இரண்டு கோடுகளிலும் 'ஆம்', 'இல்லை' எழுதினாள். பிறகு 35-ஐயும் 34-ஐயும் விரலால் ஓட்டிக் காட்டினாள்.