கசின்ஸோட வேன் ட்ரிப் வீடியோவுக்கு கேப்ஷன் எப்படி போடறது

வேன்ல எல்லாரும் கத்தி பாடுன வீடியோவ இன்ஸ்டால போடறப்ப நிறைய பேர் சவுண்ட ஆஃப் பண்ணிட்டுதான் பாப்பாங்க, அதனால அந்த சத்தத்த கேப்ஷன்தான் சொல்லணும். "செம ஜாலி ட்ரிப்"னு போட்டா யார் வீட்டு ட்ரிப்புக்கும் பொருந்தும், யாருக்கும் ஒண்ணும் தெரியாது.

ஒரு ஊர் பேரு, பாட்டுல நடந்த ஒரே ஒரு விஷயம், அது போதும். மதுரைல இருந்து கன்னியாகுமரி போறீங்கன்னு வைங்க, இப்படி எழுதலாம்:

"கப்பலூர் டோல்கேட்ல ஆரம்பிச்ச பாட்டு, கோவில்பட்டி வந்தும் சரணத்துக்கு போகல. பல்லவி மட்டும்தான் எல்லாருக்கும் தெரியும்."

இதுல சத்தம்ங்கிற வார்த்தையே இல்ல, ஆனா கூட வந்த அத்தை பசங்க, சித்தி பசங்க எல்லாரும் உடனே கமெண்ட்ல சண்டைக்கு வந்துருவாங்க, எனக்கு அதுதான் ரொம்ப பிடிக்கும்.

இன்ஸ்டால கேப்ஷனோட ஆரம்பம் மட்டும்தான் முதல்ல தெரியும், மிச்சம் மடிஞ்சிரும், ரீல்ஸ்ல இன்னும் கம்மி. அதனால ஊர் பேர முதல் வரிலயே வைங்க, ஹேஷ்டேக் எல்லாம் கடைசில போகட்டும். யார் சுருதி விட்டாங்கன்னு பேரோட எழுதணும்னா மட்டும் அவங்கட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.