த்ரோபாலில் சின்ன ஆட்டம் வைத்துப் பயிற்சி தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெண்கள் அணிக்குத் தாக்குதலும் தடுப்பும் சொல்லித்தர, மூன்றுக்கு மூன்று என்று சின்னச் சின்ன ஆட்டம் வைக்கும் புதிய பயிற்சியாளர்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். நல்ல முறைதான். ஆனால் ஆரம்பத்தில் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். இரண்டு கையால் பிடிக்க வேண்டும், மூன்று நொடிக்குள் தோளுக்கு மேலிருந்து ஒற்றைக் கையால் எறிய வேண்டும் என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் எறிதலோடு விசில் ஊதுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். கோர்ட்டின் அகலம் 12.20 மீட்டர். அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரு பக்கமும் மூன்று பேரை நிறுத்துகிறார்கள். முன்னால் இருவர், பின்னால் ஒருத்தி. பயிற்சியாளர் பின்னால் நிற்பவளுக்குப் பந்தைப் போடுகிறார். அவள் எதிர்ப்பக்கத்தின் பின்மூலைக்கு அழகாக எறிகிறாள். 'சூப்பர்!' என்று ஒரு விசில். அடுத்த பந்து.

ஆட்டமே அதற்குப் பிறகுதான் இருக்கிறது. மூலைக்குப் பின்வாங்கிக்கொண்டே பந்தைப் பிடித்தவளின் எடை குதிகாலில் இருக்கும். த்ரோபாலில் கூட்டாளிக்குப் பாஸ் கிடையாது, அவளேதான் திருப்பி எறிய வேண்டும். அந்த நிலையில் வேகமாக எறிய முடியாது. உயரமாக, மெதுவாக ஒரு பந்து வரும், அல்லது நெட்டைத் தாண்டினால் போதும் என்று குட்டையாக ஒன்று வரும். முன்னால் நிற்கும் இருவரும் இதை எதிர்பார்த்து ஒரு அடி முன்னே வந்திருக்க வேண்டும். விசில் அடித்துவிட்டால் இதை எங்கே கற்றுக்கொள்வார்கள்?

இன்னொரு பக்கமும் உண்டு. ஓங்கி எறிபவள் எறிந்த வேகத்தில் ஓரிரு அடி முன்னே வந்துவிடுவாள். அவள் நின்ற மூலை காலி. ஒரு போட்டியில் இப்படித்தான் நடந்தது. வலது பின்மூலையில் நல்ல கைவேகம் உள்ள பெண். எறிந்துவிட்டு, முன்னே வந்த இடத்திலேயே நின்று பந்தைப் பார்ப்பாள். எதிரணிக்காரி பிடித்த உடனே, மூன்று நொடியெல்லாம் எடுத்துக்கொள்ளாமல், அவள் தலைக்கு மேலே அந்தக் காலி இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள். வெளியே இருந்து பயிற்சியாளர், "கேட்ச் விடாதே, கேட்ச் விடாதே" என்று திட்டிக்கொண்டிருந்தார். கேட்சில் குறையே இல்லை. பயிற்சியில் அவள் எறிந்த பந்து ஒருமுறைகூடத் திரும்பி வந்ததில்லை, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். எறிந்த பிறகு பந்தைப் பார்க்காதீர்கள், எறிந்தவளின் காலைப் பாருங்கள். உடனே பின்னால் போகிறதா, ஊன்றி நிற்கிறதா?

திருத்துவதற்கு, முதல் பந்தை மட்டும் நீங்கள் போடுங்கள். அப்புறம் பந்து தரையைத் தொடும்வரை, அல்லது ஃபவுல் ஆகும்வரை ஆட்டம் ஓடட்டும். முதல் எறிதலிலேயே பாயிண்ட் வந்தால் ஒன்று. திரும்பி வந்த பந்தைப் பிடித்து அடுத்த எறிதலில் எடுத்தால் இரண்டு. கொஞ்ச நேரத்திலேயே எறிந்தவள் தானாகத் தன் இடத்துக்கு ஓடுவாள். பழகியதும் அந்த இரட்டைப் பாயிண்டை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டுக்கு ஆசைப்பட்டு முதல் பந்தை வேண்டுமென்றே மெதுவாகப் போட ஆரம்பிப்பார்கள்.

மூன்று நொடிக்குள் கத்துவது

பந்தைப் பிடித்தவளிடம் "அங்கே போடு!" என்று கத்தினால் அவள் கோர்ட்டைப் பார்க்க மாட்டாள், உங்களைப் பார்ப்பாள். காலி இடத்தைப் பார்க்க வேண்டியது பந்து வந்துகொண்டிருக்கும்போதே. பிடித்த பிறகு தேடினால் எதிரணி நகர்ந்துவிடும். அதனால் ஆட்டம் ஓடும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். பந்து செத்த பிறகு எல்லோரையும் இருந்த இடத்திலேயே நிற்கச் சொல்லி, "பந்து உன் கைக்கு வரும் முன் எதிரே எது காலியாக இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் அதே பந்தை மறுபடி போடுங்கள்.

ஒரே ஆட்டத்தில் ஆறு விதி

ஒரு ஆட்டத்துக்கு ஒரு விஷயம்.

எப்போதும் ஒரே பக்கத்துக்கு முதல் பந்து

மூன்று பந்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

சின்ன ஆட்டத்தோடு முடித்துவிடுவது

மூன்று பேரில் நடு வரிசையே இல்லை. ஏழு பேர் இரண்டு, மூன்று, இரண்டு என்று நிற்கும்போது நடு வரிசைக்கும் பின் வரிசைக்கும் இடையே விழும் பந்துக்கு இருவரும் கை நீட்டுவார்கள், அல்லது இருவருமே விட்டுவிடுவார்கள். இருவர் ஒரே பந்தைச் சேர்ந்து பிடித்தாலும் ஃபவுல்தான். ஆகவே பயிற்சியின் கடைசிப் பகுதியில் முழுக் கோர்ட்டில் ஏழு பேரை நிறுத்தி, அதே முதல் பந்தை அந்த இடைவெளியில் போடுங்கள். முன்னோக்கி வருவதால் பின்வரிசைக்காரிக்கே அது எளிது. "எனக்கு" என்று அவள் குரல் கொடுக்க, நடுவில் நிற்பவள் விலகி, அவள் விட்டுவந்த மூலையை நோக்கி நகர வேண்டும்.