அம்மா போன் பில்லுல 82 ரூபாய் எங்கிருந்து வந்துச்சு

அம்மாவோட போஸ்ட்பெய்டு பிளான் 399, 18% ஜிஎஸ்டி சேர்த்தா 470.82 தான் வரணும், ஆனா போன மாசம் 553.42னு பில் வந்துச்சு. கூட வந்தது 82.60. இத 1.18ஆல வகுத்தா சரியா 70. ஐட்டமைஸ்டு பில்லுல ஒவ்வொரு லைன்லயும் ஜிஎஸ்டி சேர்க்காத தொகை தான் இருந்துச்சு, அதனால 82ஐ தேடினா கிடைக்காது, 70ஐ தான் தேடணும்.

பதினோரு பக்கம்! எல்லா நம்பரையும் பாக்காம தொகை போட்டிருந்த கட்டத்துல பூஜ்யம் இல்லாத லைன மட்டும் பாத்தேன். தெரியாத பத்து இலக்க நம்பர் ஒண்ணு நிறைய தடவ இருந்துச்சு, அது கேஸ் டெலிவரி பையன், காசு ஏதும் போகல. மாட்டுனது விஏஎஸ்ங்கிற கூடுதல் சேவைகள் பகுதியில, 1ஆம் தேதி 35, 16ஆம் தேதி 35, பக்கத்துல ஒரு அஞ்சு இலக்க நம்பர். ஏதோ ஜோசிய சந்தாவாம், அம்மாக்கு ஒண்ணும் தெரியல.

அவங்க போன்லருந்தே 155223க்கு STOPனு எஸ்எம்எஸ் போட்டு, வந்த பதில்படி அத நிறுத்திட்டேன். நிறுத்துறதால போன காசு தானா வராது, அதுக்கு 198ல தனியா புகார் குடுத்து டாக்கெட் நம்பர் வாங்கினேன். அடுத்த பில்லுல கழிச்சிட்டாங்க.